கரையாத உப்பு எவ்வளவு கரைகிறது? கால்சியம் ஃப்ளோரைடும் ஒரு கடத்துத்திறன் மீட்டரும்

எருத்தேம்பதிப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கான பரிசோதனைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லேபுக்கு வந்தான். தாள் மலையாளத்தில் இருந்தது. ஃப்ளோரைடு என்ற வரிக்கு நேரே லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் என்று போட்டு, அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. குடிநீருக்கு 1.5-தான் எல்லை. பாலக்காட்டின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, முதலமடை பக்கத்துப் போர்வெல்களில் இது புதிய விஷயமில்லை. கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்களுக்கு இந்த வறண்ட மூலை தெரியாது. கடினப் பாறைக்குள் நெடுங்காலம் கிடந்த தண்ணீரைத்தான் இங்கே மேலே இழுக்கிறோம்.

அவன் கேட்டது இதுதான்: "சார், கால்சியம் ஃப்ளோரைடு தண்ணியில கரையாதுன்னு புத்தகத்துல இருக்குதுங்க. எங்க தண்ணியில சுண்ணாம்புச் சத்து பாத்திரத்துல படியற அளவுக்கு இருக்குது. அப்ப ஃப்ளோரைடு எப்படிங்க தண்ணியில நிக்குது?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு எண் வேண்டும், கால்சியம் ஃப்ளோரைடின் கரைதிறன் பெருக்கம். அதைப் புத்தகத்தைப் புரட்டி எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் லேபில் ஒரு கடத்துத்திறன் மீட்டர் இருந்தது, அவனுக்கும் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அளந்தே பார்த்துவிடலாம் என்றேன்.

"கரையாது" என்ற சொல் வேதியியலில் ஒரு சோம்பேறிச் சொல். கரையாத உப்பு என்று ஒன்று கிடையாது, கொஞ்சமாகக் கரையும் உப்புதான் உண்டு. கால்சியம் ஃப்ளோரைடைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால், கொஞ்சம் கரைந்து ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு ஃப்ளோரைடு அயனி என்ற கணக்கில் பிரிந்து நிற்கும். இதற்கு மேல் கரையாது என்ற நிலை வந்ததும் அது தெவிட்டிய கரைசல். அந்த நிலையில் கால்சியத்தின் செறிவை ஃப்ளோரைடு செறிவின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும் எண்தான் கரைதிறன் பெருக்கம், Ksp. குறிப்பிட்ட வெப்பநிலையில் அது மாறாது. கால்சியத்தை வேறு வழியில் கூட்டினால் ஃப்ளோரைடு தானே குறையும், பெருக்கம் அப்படியே இருக்கும். 1889-இல் ஜெர்மன் வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் இதைக் கோட்பாடாக எழுதினார்.

Ksp = [Ca²⁺][F⁻]²

லிட்டருக்கு s மோல் உப்பு கரைந்தால் கால்சியம் s, ஃப்ளோரைடு 2s. ஆகவே பெருக்கம் 4s³. s தெரிந்தால் போதும்.

s-ஐ எப்படி அளப்பது? ஒரு லிட்டர் தெவிட்டிய கரைசலை வற்றவைத்து மிச்சத்தை எடை போடலாம். கிடைப்பது சுமார் 16 மில்லிகிராம். அதில் கண்ணாடியிலிருந்து வந்தது எவ்வளவு, வாளையார் கணவாய்க் காற்று கொண்டுவந்த தூசு எவ்வளவு என்று யார் சொல்வது? இதைச் சுற்றிப் போக ஜெர்மன் இயற்பியலாளர் கோல்ராஷ் ஒரு வழி கண்டார். அயனிகள் மின்சாரத்தைக் கடத்தும். நீர்த்த கரைசலில் ஒவ்வொரு அயனியும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் தன் பங்கைத் தானே கடத்துகிறது. அந்தப் பங்கை ஒருமுறை அளந்து அட்டவணையில் போட்டுவிட்டால், பிறகு எந்தக் கரைசலின் கடத்துத்திறனிலிருந்தும் அதிலுள்ள அயனிகளின் எண்ணிக்கைக்குப் பின்னோக்கிப் போகலாம். 1893-இல் அவரும் ரோஸும் அரிதில் கரையும் பல உப்புகளின் கரைதிறனை இப்படித்தான் அளந்தார்கள். இன்றைய பி.எஸ்சி. லேபில் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்.

ஒரே ஒரு சிக்கல். மீட்டருக்குக் கால்சியமும் தெரியாது, ஃப்ளோரைடும் தெரியாது. மின்னூட்டம் நகர்கிறதா என்று மட்டுமே அதற்குத் தெரியும். கரைசலில் இருக்கும் ஒவ்வொரு அயனியையும், வேண்டாத விருந்தாளிகளையும் சேர்த்து, அது எண்ணிவிடும். அதனால் இந்தச் சோதனையில் மீட்டரைப் பார்க்கும் வேலை ஐந்து நிமிடம். மற்றதெல்லாம் கழுவும் வேலை.

கால்சியம் குளோரைடு கரைசலையும் அதற்கு இரண்டு மடங்கு செறிவுள்ள சோடியம் ஃப்ளோரைடு கரைசலையும் சூடாக, சம அளவில் கலந்தோம். வெள்ளையாக, கஞ்சி மாதிரி ஒரு வீழ்படிவு வரும். கால்சியம் ஃப்ளோரைடின் கெட்ட குணம் இது. அவ்வளவு நுண்ணிய துகள் என்பதால் வடிதாளில் ஊற்றினால் ஒரு பகுதி தாளைத் தாண்டி ஓடிவிடும், மீதி தாளை அடைத்துக்கொள்ளும். வடிகட்டப் போகாதீர்கள். வாட்டர்பாத்தில் மூடி வைத்து ஒரு மணி நேரம் சூட்டிலேயே விட்டால் சிறு துகள்கள் கரைந்து பெரிய துகள்கள் மேல் படியும், கஞ்சி கொஞ்சம் மாவாகும். அப்புறம் ஆறவிட்டு, மேல்நீரை இறுத்து ஊற்றிவிட்டு, சுத்தமான நீர் விட்டுக் குலுக்கி, மறுபடி படியவிட்டு மேல்நீரை ஊற்றிவிட வேண்டும். அம்மா அரிசி களைவது மாதிரிதான். கண்ணாடிக்குப் பதில் பாலித்தீன் பாட்டில் நல்லது.

களைவது எதை என்றால், வீழ்படிவோடு உண்டான சோடியம் குளோரைடை. சமையல் உப்பேதான். லிட்டருக்கு வெறும் 1 மில்லிகிராம் உப்பு மிஞ்சினாலும் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 2 மைக்ரோசீமன்ஸ் ஏறும். நாம் தேடும் எண்ணே நாற்பத்துச் சொச்சம்தான். 2 ஏறினால் s ஏறத்தாழ நான்கரை விழுக்காடு தவறும், s-ஐ மூன்று முறை பெருக்குவதால் கரைதிறன் பெருக்கம் 14 விழுக்காடு தவறும். மார்ச் மாத வெயிலில் வியர்த்த விரலைப் பாட்டில் வாயில் வைத்து மூடிக் குலுக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. அந்த விரலில் இருப்பதும் உப்புதான்.

எத்தனை முறை களைந்தால் போதும் என்பதை மீட்டரே சொல்லும். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, 25 டிகிரியில் வைத்து, தெளிந்த நீரை அளந்தோம். வந்த அளவுகள், எல்லாம் சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமன்ஸில்: 131, 61, 49.5, 47.6, 47.2, 47.2.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கழுவிப் போகும் உப்பு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிறது. 47.2-க்கு மேலே இருக்கும் உபரியை மட்டும் எழுதினால் 84, 14, 2.3, 0.4 என்று வருவது இதனால்தான். இறுத்த பிறகு கஞ்சியோடு தங்கும் நீர் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு என்று அர்த்தம். ஆனால் கால்சியம் ஃப்ளோரைடின் பங்கு குறைவதில்லை. அடியில் திடப்பொருள் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் அதே அளவு புதிதாகக் கரைந்து நிற்கும். உப்பு போய்விடும், தெவிட்டல் நிற்கும். தொடர்ந்து இரண்டு முறை ஒரே எண் வந்தால் அழுக்கு முடிந்தது. ஒருமுறை மட்டும் அளந்து எழுதிய செய்முறை ஏட்டை நான் நம்புவதில்லை, அதில் விடை புத்தகத்தோடு பொருந்தினாலும்.

கழுவிக் கழுவி உப்பு போன பிறகு வேறொரு வேடிக்கை நடக்கும். அதுவரை நன்றாகப் படிந்த மாவு திடீரென்று படிய மறுத்து, தண்ணீர் பால் மாதிரி கலங்கி நிற்கும். உப்பு இருந்தபோது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டின, உப்பு போனதும் விலகி மிதக்கின்றன. பயப்பட ஒன்றுமில்லை. ஒரு இரவு அசைக்காமல் வைக்க வேண்டும், அல்லது சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற வேண்டும். மேல்நீர் கண்ணாடி போலத் தெளிந்த பிறகே அளக்க வேண்டும்.

அடுத்தது தெவிட்டிவிட்டதா என்ற கேள்வி. எண் மாறாமல் நிற்பது மட்டும் சாட்சியாகாது, மெதுவாகக் கரையும் உப்பும் அப்படித்தான் நிற்பது போலத் தோன்றும். இரண்டு பாட்டில் எடுத்தோம். ஒன்றைக் குளிர்ந்த நீரிலிருந்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்தோம், மற்றதை 40 டிகிரி வரை சூடாக்கி அங்கிருந்து இறக்கினோம். முதலாவது கீழிருந்து மேலே ஏறி வரும், இரண்டாவது மேலிருந்து கீழே இறங்கி வரும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் அது சமநிலை. முதல் நாள் மாலை இரண்டுக்கும் ஒன்றரை மைக்ரோசீமன்ஸ் வித்தியாசம் இருந்தது. மறுநாள் காலை வித்தியாசம் இல்லை.

25 டிகிரி என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். மார்ச்சில் எங்கள் லேபுக்குள் 33 இருக்கும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விட்டு, ஐஸ் துண்டுகளை அவ்வப்போது போட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே 25-இல் பிடித்து வைத்தோம். "மீட்டர்ல ATC இருக்குதே சார், அதுவே 25-க்கு மாத்திக்காதுங்களா?" என்றான். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ATC என்ற வசதி டிகிரிக்குச் சுமார் 2 விழுக்காடு என்ற கணக்கில் அளவைத் திருத்திக் காட்டும். சூட்டில் அயனிகள் வேகமாக நகர்வதை மட்டுமே அது திருத்துகிறது. சூட்டில் எவ்வளவு உப்பு கரைந்தது என்பது அதற்குத் தெரியாது. 33 டிகிரியில் கரைந்த உப்பை 25 டிகிரியில் அளந்த மாதிரி, இரண்டுங்கெட்டான் எண் ஒன்று திரையில் வரும். கால்சியம் ஃப்ளோரைடுக்கு இது சிறிய பிழை. சில்வர் குளோரைடு போன்றவற்றின் கரைதிறன் சூட்டில் வேகமாக ஏறும், அங்கே இது பெரிய பிழை. ஆகவே ATC-ஐ அணைத்துவிட்டு, வாளிக்கும் ஐஸுக்கும் வேலை கொடுங்கள்.

மீட்டர் காட்டும் எண் சரியா என்பதைப் பொட்டாசியம் குளோரைடை வைத்துப் பார்க்க வேண்டும். 0.01 மோலார் கரைசல் 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும். எங்கள் மீட்டரில் கரைசலுக்குள் விடும் முனையான செல் 1345 காட்டியது. ஆகவே கலமாறிலி 1413-ஐ 1345-ஆல் வகுத்தால் வரும் 1.05. மேலே கொடுத்த அளவுகள் எல்லாம் இதனால் பெருக்கப்பட்டவை. பொட்டாசியம் குளோரைடில் தோய்த்தெடுத்த செல்லை நேராக ஃப்ளோரைடு பாட்டிலுக்குள் விட்டுவிடாதீர்கள். செல்லின் பிளாட்டினத் தகட்டின் மேலுள்ள கறுப்புப் பூச்சு பஞ்சு மாதிரி, பழைய உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். அளக்கப்போகும் கரைசலிலேயே இரண்டு மூன்று முறை அலசிய பிறகு அளந்தால் தொல்லையில்லை.

இனி தண்ணீர். நாங்கள் பயன்படுத்திய நீர் தனியாக 1.2 காட்டியது. முழுக்கத் தூய நீர் 25 டிகிரியில் 0.055-தான் காட்டும். மிச்சம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் காற்றிலிருந்து. கார்பன் டை ஆக்சைடு கரைந்து ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட்டும் உண்டாகின்றன. திறந்து வைத்த நல்ல வாலைவடிநீர், வேறு அழுக்கே இல்லாவிட்டாலும், இதனால் மட்டும் 1 மைக்ரோசீமன்ஸ் அளவுக்கு வந்துவிடும். எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் பாட்டிலைத் திறந்த சில நிமிடங்களில் அங்கேதான் போய் நிற்கும். ஆகவே கரைசலுக்குப் பயன்படுத்திய அதே நீரை, அதே நேரம் திறந்து வைத்து, தனியாக அளந்து கழிக்க வேண்டும்.

47.2 − 1.2 = 46.0

எங்கள் கணக்கில் இது சின்னக் கழித்தல். கழிக்காமல் விட்டாலும் பெருக்கம் 8 விழுக்காடுதான் தவறும். பல கல்லூரிகளில் இதே சோதனைக்குப் பேரியம் சல்பேட்டைக் கொடுக்கிறார்கள். அதன் தெவிட்டிய கரைசலில் உப்பின் பங்கே 3 மைக்ரோசீமன்ஸ்தான். அங்கே 1.2-ஐக் கழிக்க மறந்தால் விடை இரண்டு மடங்காகிவிடும். நான் கால்சியம் ஃப்ளோரைடை எடுத்துக்கொண்டதற்குக் கிணறு ஒரு காரணம் என்றால், நம் லேபுகளின் தண்ணீர் இன்னொரு காரணம்.

சரி, கணக்கு. கீழே κ என்பது கரைசலின் கடத்துத்திறன், Λ என்பது மோலார் கடத்துத்திறன், அதாவது ஒரு மோல் உப்பின் அயனிகள் கடத்தும் பங்கு. 25 டிகிரியில், எல்லையற்று நீர்த்த நிலையில், கால்சியம் அயனியின் மோலார் கடத்துத்திறன் 119.0, ஃப்ளோரைடுக்கு 55.4. ஒரு மோல் உப்புக்கு ஃப்ளோரைடு இரண்டு, ஆகவே மொத்தம் 119.0 + 110.8 = 229.8. பல அட்டவணைகளில் கால்சியத்துக்கு 59.5 என்று இருக்கும். அது அரைக் கால்சியத்துக்கு, அதாவது ஒரு சமானத்துக்கு. அதை அப்படியே எடுத்து 59.5-ஐயும் 55.4-ஐயும் கூட்டி 114.9 என்று போட்டு, வந்த விடையை மோல் என்று நினைத்துக்கொண்டால் s இரட்டிப்பாகும், பெருக்கம் எட்டு மடங்காகும். விடைத்தாள் திருத்தும்போது எட்டு மடங்குப் பிழை தென்பட்டால் நான் வேறெங்கும் தேடுவதில்லை, நேராக இந்த வரிக்குத்தான் போவேன்.

```
s = 1000 × κ / Λ
  = 1000 × 46.0×10⁻⁶ / 229.8
  = 2.00×10⁻⁴ mol/L
4s³ = 3.2×10⁻¹¹
```

செய்முறை ஏட்டில் இத்துடன் முடித்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் இதில் இரண்டு பொய்கள் இருக்கின்றன, அவை ஒன்றையொன்று பாதி மறைத்துக்கொள்கின்றன.

முதலாவது, 229.8 என்பது எல்லையற்று நீர்த்த நிலைக்கான எண். நம் கரைசல் நீர்த்ததுதான், ஆனாலும் அயனிகள் ஒன்றையொன்று சற்றே பின்னுக்கு இழுக்கின்றன. நேர் அயனி ஒரு பக்கம் போக, அதைச் சூழ்ந்த எதிர் அயனிகள் மறுபக்கம் போக, நடை மெதுவாகிறது. ஆன்சாகர் சமன்பாட்டில் போட்டால் இந்தச் செறிவில் மோலார் கடத்துத்திறன் 229.8-இலிருந்து சுமார் 222.9-க்கு இறங்குகிறது, மூன்று விழுக்காடு. புது எண்ணை வைத்து s-ஐ மறுபடி கண்டுபிடித்தால் 2.06×10⁻⁴ வருகிறது, இன்னொரு சுற்று போட்டாலும் அங்கேயே நிற்கிறது. லிட்டருக்கு 16.1 மில்லிகிராம். கையேடுகள் கொடுக்கும் 16 மில்லிகிராமோடு இது ஒத்துப்போகிறது. இந்த s-ஐ வைத்து 4s³ போட்டால் 3.5×10⁻¹¹.

இரண்டாவது பொய் பெருக்கத்தில் இருக்கிறது. மாறாத எண் என்று சொன்னது செறிவுகளின் பெருக்கம் அல்ல, அயனிகள் உண்மையில் எவ்வளவு செறிவாக நடந்துகொள்கின்றன என்பதன் பெருக்கம். எதிர் அயனிகளின் கூட்டத்தில் ஒவ்வொரு அயனியும் கொஞ்சம் கட்டுண்டு கிடப்பதால் அதன் செயல்படு செறிவு குறைவு. எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் குணகம், டிபை–ஹியூக்கல் விதியின்படி, இங்கே 0.943. மூன்று அயனிகள் என்பதால் அதை மூன்று முறை பெருக்க வேண்டும், 0.84 வரும். 3.5-ஐ 0.84-ஆல் பெருக்கினால்:

Ksp ≈ 3.0×10⁻¹¹

முதல் திருத்தம் விடையைப் பத்து விழுக்காடு ஏற்றியது, இரண்டாவது பதினாறு விழுக்காடு இறக்கியது. இரண்டையும் செய்யாதவன் 3.2 என்று எழுதி ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறான். முதலாவதை மட்டும் செய்த கவனமான மாணவன் அவனைவிட அதிகமாகத் தவறுகிறான். பாதிக் கவனத்துக்கு இங்கே பலனில்லை, ஒன்று இரண்டும் செய்ய வேண்டும், அல்லது இரண்டையும் விட்டுவிட்டேன் என்று எழுதிவிட வேண்டும். வெவ்வேறு நூல்கள் 2.5-இலிருந்து 4 வரை (அதே 10⁻¹¹-இல்) கொடுப்பதற்கும், வெவ்வேறு வழியில் கண்டுபிடித்ததோடு, இந்தத் திருத்தங்களும் காரணம்.

இந்த முறை எல்லா உப்புக்கும் ஒத்துவராது. ஜிப்சத்தை எடுத்தால், அதன் தெவிட்டிய கரைசல் சென்டிமீட்டருக்கு 2,200 மைக்ரோசீமன்ஸ் அளவில் நிற்கும், தண்ணீரின் பங்கு தூசு. ஆனால் அங்கே கால்சியமும் சல்பேட்டும் கணிசமாக ஜோடி சேர்ந்துகொள்கின்றன. ஜோடிக்கு நிகர மின்னூட்டம் இல்லை, மீட்டர் அதைப் பார்க்காது. ஜோடி சேராத அயனிகளும் அந்தச் செறிவில் மெதுவாகவே நகரும். நீர்த்த நிலை எண்களை வைத்துக் கணக்கிட்டால் உண்மைக் கரைதிறனில் பாதிதான் கிடைக்கும். கால்சியம் கார்பனேட்டுக்கோ கழித்தலே அர்த்தமற்றுப் போகிறது. காற்றிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு அங்கே சும்மா நிற்காது, உப்பையே கரைக்கும். தண்ணீரின் கடத்துத்திறன் தனி, உப்பின் கடத்துத்திறன் தனி என்று பிரிக்கவே முடியாது. தெவிட்டிய கரைசலில் அயனிகள் தனித்தனியே நடமாட வேண்டும், தண்ணீரோடு சண்டையோ சல்லாபமோ கூடாது, அளவும் தண்ணீரை விடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். கால்சியம் ஃப்ளோரைடு இந்த நடுத்தரத்தில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது எருத்தேம்பதிக் கிணற்றுக்கு வருவோம். தூய நீரில் கால்சியம் ஃப்ளோரைடு மட்டும் கரைந்தால் ஃப்ளோரைடு 4.1×10⁻⁴ மோலார், அதாவது லிட்டருக்கு 7.8 மில்லிகிராம். "கரையாத" உப்பு குடிநீர் எல்லையைப் போல ஐந்து மடங்கு ஃப்ளோரைடைத் தரும்! மருந்துக்கும் குடிநீருக்கும் நாம் பேசுவது மில்லிகிராமில், புத்தகத்தின் "கரையாது" பேசுவது கிராமில். அவனுடைய குழப்பத்தில் பாதி இதிலேயே தீர்ந்தது.

மறுபாதி கால்சியம். அவர்கள் தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டோம், 3×10⁻³ மோலார். 3.0×10⁻¹¹-ஐ இதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.0×10⁻⁴ மோலார், 1.9 மில்லிகிராம். கிணற்று நீரில் மற்ற உப்புகளும் நிறைய இருப்பதால் செயல்படு செறிவு குறையும், அதைச் சேர்த்தால் உச்சவரம்பு இரண்டரை மில்லிகிராம் பக்கம் போகும். கால்சியம் 40 மில்லிகிராம் மட்டுமே உள்ள தண்ணீரென்றால் அதே கணக்கில் நாலரை வரை நிற்கலாம். தாளிலிருந்த 2.4 எண்ணுக்கு இப்போது ஓர் இடம் கிடைத்தது. பாறையிலுள்ள ஃப்ளோரைடு, கால்சியம் ஃப்ளோரைடாக மட்டுமின்றி பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் போன்ற கனிமங்களிலிருந்தும் வரும். எங்கிருந்து வந்தாலும், கால்சியத்தோடு சேர்ந்து எவ்வளவு தூரம் தண்ணீரில் நிற்கலாம் என்பதற்கு இந்தப் பெருக்கம்தான் கூரை. கால்சியம் நிறைந்த தண்ணீரில் கூரை தாழ்வு, ஆனால் 1.5-ஐ விட உயரம்தான். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில் கூரை இன்னும் உயரும். வாய்க்கு மெதுவாக, சோப்பு நன்றாக நுரைக்கும் போர்வெல் தண்ணீர் இந்த விஷயத்தில் மோசமாக இருக்கக்கூடும் என்பது இங்கிருந்து வருகிறது.

அவன் உடனே அடுத்த யோசனைக்குப் போனான். மீட்டரைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டு ஃப்ளோரைடைக் கண்டுபிடித்துவிடலாமே என்று. விட்டும் பார்த்தான், 960 காட்டியது. அதில் 2.4 மில்லிகிராம் ஃப்ளோரைடின் பங்கு 7 மைக்ரோசீமன்ஸ். மிச்சமெல்லாம் பைகார்பனேட், குளோரைடு, சோடியம், கால்சியம். ஊர்ச் சந்தையில் நின்று ஒரு ஆளின் குரலை மட்டும் கேட்க நினைப்பது மாதிரி. அதற்கு ஃப்ளோரைடு அயனி எலெக்ட்ரோடு வேண்டும், அல்லது சாயம் கலந்து நிறத்தை அளக்கும் முறை வேண்டும். கடத்துத்திறன் மீட்டர் கரைசலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை நாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால்தான் பேசும். இத்தனை களைந்ததும் அதற்காகத்தான்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்று கேட்டான். "அம்மா பானையில சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைக்கறாங்க சார். கால்சியம் கூடுச்சுன்னா ஃப்ளோரைடு குறையணும்தானுங்களே?" கூரைக்கு மேலே இருந்தால்தான் குறையும் என்றேன். 2.4 ஏற்கனவே கூரைக்குக் கீழே அல்லது ஒட்டியே இருக்கிறது. போதாததற்கு, போட்ட சுண்ணாம்பு தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பனேட்டாகப் பானையின் அடியில் படிந்துவிடும். கொஞ்சமாகப் போட்டால் கால்சியம் கூடாது, குறையக்கூடச் செய்யும். பானையின் அடியில் வெள்ளையாகப் படிவது என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃப்ளோரைடு இல்லீங்க" என்றான். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பானைத் தண்ணீரைப் பாலித்தீன் பாட்டிலில் கொண்டுவந்தான்.